ஒரு முட்டை போதும்

1950களின் பிற்பகுதியில், இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகள் தங்கியிருந்த இல்லங்களிலிருந்து சிறுநீரைச் சேகரித்து ரோமில் இருந்த ஒரு மருந்து நிறுவனத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் பெயர் செரோனோ. அங்கே வேலை பார்த்த வேதியியலாளர் பியரோ டோனினி, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஒரு ஹார்மோன் சாற்றை 1940களின் இறுதியிலேயே பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. குழந்தையில்லாத பெண்களுக்கு அது பயன்படும் என்று இஸ்ரேல் மருத்துவர் புருனோ லூனன்ஃபெல்ட் வந்து சொன்ன பிறகும் நிறுவனம் தயங்கியது. நிர்வாகக் குழுவில் இருந்த, போப் பன்னிரண்டாம் பயஸின் உறவினரான ஜூலியோ பச்செல்லி ஆதரவு தந்த பிறகுதான் காரியம் நடந்தது. அந்த மருந்தின் உதவியால் கருத்தரித்த பெண்ணுக்கு 1962இல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது.

பிள்ளைப்பேற்றுக்கான மருந்தைப் பிள்ளை பெறும் வயதைக் கடந்தவர்களிடம் போய் ஏன் தேடினார்கள்? கன்னியாஸ்திரிகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நடைமுறை வசதி இருந்தது. அவர்கள் ஒரே இடத்தில் கூட்டமாக வசித்தார்கள். நடுவில் ஒரு கர்ப்பிணியின் சிறுநீர் கலந்து சரக்கைக் கெடுத்துவிடும் என்ற பயமும் இல்லை. வயதானவர்களைத் தேடியதற்கான காரணம் உடலுக்குள் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் இன்று நம் ஊர் கருத்தரிப்பு மையங்களில் எழுதிக் கொடுக்கும் மாத்திரையும் ஊசியும் என்ன செய்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது சுமார் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, விட்டுவிட்டு, ஒரு ஹார்மோனைத் துளி அளவு கீழே அனுப்பும். அதை வாங்கிக்கொள்வது பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அது பதிலுக்கு எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் கொனாடோட்ரோபின். இவை சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே முட்டைகளைச் சுமந்து நிற்கும் நீர் நிறைந்த சிறு பைகளை வளர்க்கின்றன. அந்தப் பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். "முட்டை 18 எம்.எம். வளர்ந்திருக்கு" என்று ஸ்கேன் அறையில் சொல்வது உண்மையில் ஃபாலிக்கிளின் அளவு, முட்டை அதற்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அது ரத்தத்தோடு மூளைக்குப் போனதும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் 'கீழே வேலை நடக்கிறது' என்று புரிந்துகொண்டு எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டம் ஏற ஏற மிதவை குழாயை அடைப்பது போன்ற ஏற்பாடு இது. மாதவிடாய் நின்ற பெண்ணின் சினைப்பையில் வளர்வதற்கு ஃபாலிக்கிள் மிச்சமில்லை. ஈஸ்ட்ரோஜன் வருவதில்லை, குழாயை அடைக்க ஆளில்லை. பிட்யூட்டரி ஆண்டுக்கணக்கில் எஃப்.எஸ்.எச்.சையும் எல்.எச்.சையும் கொட்டிக்கொண்டே இருக்கும், அது சிறுநீரில் வீணாகப் போகும். வீணாகப் போனதைத்தான் ரோமில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்று பெரும்பாலான எஃப்.எஸ்.எச். ஊசிகள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து வருகின்றன. சிறுநீரிலிருந்து எடுக்கும் எச்.எம்.ஜி. ஊசியும் விலை குறைவு என்பதால் புழக்கத்தில் இருக்கிறது.

இந்தத் தடுப்பு ஏற்பாடு வெறும் சிக்கனத்துக்காக இல்லை. மனிதப் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பிள்ளை பிறப்பதற்கே இதுதான் காரணம். ஒவ்வொரு மாதமும் தீட்டு தொடங்கும் நாட்களில் எஃப்.எஸ்.எச். சற்று உயரும். அந்த உயர்வில் ஏழெட்டு, சிலருக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரக் கிளம்பும். சில நாட்களில் அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கூடிக் கூடி, எஃப்.எஸ்.எச். இறங்கத் தொடங்கும். இறங்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் அழகு. எல்லா ஃபாலிக்கிளும் ஒரே அளவு எஃப்.எஸ்.எச்.சுக்கு ஏங்குவதில்லை. கூட்டத்தில் கொஞ்சம் முந்திவிட்ட ஒன்று, குறைந்த எஃப்.எஸ்.எச்.சிலேயே பிழைத்துக்கொள்ளும் தகுதியைப் பெற்றுவிடுகிறது, எல்.எச்.சையும் பயன்படுத்திக்கொள்ளக் கற்றுவிடுகிறது. மற்றவை தீனி போதாமல் சுருங்கிவிடுகின்றன. முந்திய ஃபாலிக்கிள் தான் சுரந்த ஈஸ்ட்ரோஜனாலேயே தன் போட்டியாளர்களைப் பட்டினி போடுகிறது.

அதன் பிறகு ஒரு தலைகீழ் மாற்றம். ஈஸ்ட்ரோஜன் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 200 பைக்கோகிராமைத் தாண்டி, ஏறத்தாழ இரண்டு நாள் அப்படியே நின்றால், அதுவரை 'போதும்' என்று கேட்டுக்கொண்டிருந்த மூளை அதையே 'இப்போது விடு' என்று எடுத்துக்கொள்கிறது. பிட்யூட்டரி எல்.எச்.சை வெள்ளமாக விடும். அந்த எழுச்சி தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வெளியே வரும்.

முட்டை வெளிவராத பெண்ணுக்கு இந்தச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். எங்கே என்று பார்க்காமல் மருந்து எழுதுவது வீண். எஃப்.எஸ்.எச். ஏற்கெனவே மிக அதிகமாக இருந்தால், சினைப்பையில் முட்டை தீர்ந்துவருகிறது. வெளியிலிருந்து மேலும் எஃப்.எஸ்.எச். ஊற்றுவதில் பலன் ஏதும் பெரிதாக இல்லை. இந்தப் பெண்களுக்கும் விலையுயர்ந்த ஊசிகளை மாதாமாதம் போட்டுப் பார்க்கும் இடங்கள் உண்டு. அது சிகிச்சை ஆகாது. நேர் எதிராக, கடுமையாக எடை குறைந்தவர்களுக்கும் உடலை வருத்தி ஓடும் விளையாட்டு வீராங்கனைகளுக்கும் ஹைப்போதலாமஸே அடங்கிப் போயிருக்கலாம். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் மூன்றும் குறைந்திருக்கும். இவர்களுக்கு மாத்திரை அநேகமாக வேலை செய்யாது. முதலில் எடை ஏற வேண்டும். பிறகும் தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச்.சோடு எல்.எச்.சும் கலந்த ஊசி தேவை.

ஆனால் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்: சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள். ஹார்மோன் இருக்கிறது, ஃபாலிக்கிளும் தாராளமாக இருக்கிறது. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று தெரிபவை கட்டிகளே இல்லை, பாதி வளர்ச்சியில் நின்றுபோன ஃபாலிக்கிள்கள்தான். ஒன்று முந்துவதற்கான தூண்டல் போதவில்லை.

இவர்களுக்கு முதலில் மாத்திரை. அது சினைப்பைக்கான மருந்து இல்லை, மூளையை ஏமாற்றும் மருந்து. குளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறது. மிதவையை யாரோ கையால் கீழே அழுத்திப் பிடித்தது மாதிரி, ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று நம்பி மூளை எஃப்.எஸ்.எச்.சைத் திறந்துவிடும். 1956இல் அமெரிக்காவில் உருவான இந்த மருந்து, எலிகளில் சோதித்தபோது கருத்தரிப்பைத் தடுத்தது என்பது வேடிக்கை. ராபர்ட் கிரீன்பிளாட் என்ற மருத்துவர் 1961இல் அதைப் பெண்களுக்குக் கொடுத்து முட்டை வெளிவரச் செய்தார். குறை என்னவென்றால் அது உடலை விட்டுச் சீக்கிரம் போகாது. ஐந்து நாள் மாத்திரை முடிந்த பிறகும் மூளை ஏமாந்தே இருப்பதால், எஃப்.எஸ்.எச். இறங்கத் தாமதமாகி, பட்டினி கிடந்திருக்க வேண்டிய இரண்டாவது ஃபாலிக்கிளும் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். நூறு கர்ப்பங்களில் ஏழெட்டு இரட்டையாவது இதனால்தான். கருப்பையின் உட்சவ்வையும் அது ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிடாக்கி மெலிதாக்கிவிடும்.

லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே அது சில நாள் தடுக்கிறது. மூளைக்கு உண்மையிலேயே குறைவு தெரிகிறது, எஃப்.எஸ்.எச். கூடுகிறது. மாத்திரை நின்று சில நாட்களில் மருந்து உடலை விட்டுப் போய்விடும். வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் மூளை அதைக் கேட்கிறது, எஃப்.எஸ்.எச். இறங்குகிறது, ஒன்று மட்டும் தேறுகிறது. சுற்று அறுபடவில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இந்தியாவில் கருத்தரிப்புக்காக இதைக் கொடுப்பதை அரசு 2011இல் தடை செய்து, 2017இல் தடையை நீக்கியது. இன்று பி.சி.ஓ.எஸ்.சுக்கு முதல் மருந்து இதுதான்.

மாத்திரைக்கு அசையாதவர்களுக்கு ஊசி. இங்கே நிலைமை அடியோடு மாறுகிறது. எஃப்.எஸ்.எச்.சை வெளியிலிருந்து ஏற்றும்போது மூளையின் வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஈஸ்ட்ரோஜன் ஏறி 'போதும்' என்று சொன்னால் பிட்யூட்டரி தன் சுரப்பைக் குறைக்கும், ஆனால் ஊசி குறையாது. தண்ணீர் லாரியின் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்ட பிறகு மிதவையால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டினியில் சுருங்க வேண்டிய ஃபாலிக்கிள்கள் எல்லாம் தீனி கிடைத்து ஒன்றாக வளரும். 1997 நவம்பரில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஏழு குழந்தைகளுக்குப் பின்னால் இருந்தது எஃப்.எஸ்.எச். ஊசிதான். ஆக, உடல் தானாகச் செய்த தடுப்பு வேலையை இனி வெளியிலிருந்து ஒருவர் செய்ய வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதற்காகத்தான்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்டவர் எல்லா மையத்துக்கும் வருவார். வயது 28. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தீட்டு. எஃப்.எஸ்.எச். சாதாரணம், ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் இருபதுக்கு மேல் சிறு ஃபாலிக்கிள்கள். தைராய்டும் புரோலாக்டினும் சரி, குழாய்களில் அடைப்பில்லை, கணவரின் விந்தணுப் பரிசோதனையும் சரி. தீட்டை வரவழைக்கக் கொடுத்த புரோஜெஸ்டோஜன் மாத்திரை முடிந்ததும் உதிரம் வந்தது. இதுவே ஒரு பரிசோதனை: உடலில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, உட்சவ்வு அதனால் வளர்ந்திருக்கிறது. லெட்ரோசோல் 2.5, 5, 7.5 மில்லிகிராம் என்று ஏற்றியும் முட்டை வளரவில்லை.

தீட்டின் மூன்றாம் நாள் எஃப்.எஸ்.எச். ஊசி தொடங்குகிறார்கள். நாளுக்கு 50 யூனிட். குழாய்வழிக் கருத்தரிப்புக்கு, அதாவது ஐ.வி.எஃப்.புக்கு, நாளுக்கு 150, 225 என்று போடுவார்கள். அங்கே பல முட்டைகள் வேண்டும். இங்கே வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பெண்ணின் சினைப்பைக்கும் ஒரு வாசல் அளவு உண்டு. எஃப்.எஸ்.எச். அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் அசையாது. கொஞ்சம் மேலே போனால் ஒன்று வளரும். நன்றாக மேலே போனால் கூட்டமே எழும். பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு ஒன்றுக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகலானது. வாசல் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கீழே இருந்து மெல்ல ஏற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஸ்கேன். எதுவும் வளரவில்லை. "டாக்டரம்மா, ஒரு வாரமா ஊசி போட்டும் ஒண்ணுமே வளரலையே, கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஃபாலிக்கிள் எஃப்.எஸ்.எச்.சுக்குப் பதில் சொல்வது ஸ்கேனில் தெரிய நாளாகும். வாசலைத் தாண்டிய பிறகும் சில நாள் அமைதியாகவே இருக்கும். அந்த அமைதியைத் தோல்வி என்று எண்ணி அளவைக் கூட்டினால், பின்னால் ஒரேயடியாக எழும். அதனால் 14 நாள் வரை அதே 50. அதன் பிறகும் 10 எம்.எம். தாண்டிய ஃபாலிக்கிள் இல்லாததால் 75 ஆக்குகிறார்கள். நான்காம் நாள் வலது சினைப்பையில் ஒன்று 11 எம்.எம். இதுதான் வாசல். இனி அளவைக் கூட்டுவதில்லை. ஃபாலிக்கிள் நாளுக்கு ஏறத்தாழ 2 எம்.எம். வளர்ந்து, அடுத்த நான்கு நாளில் 18 எம்.எம். எட்டுகிறது. கூட வந்த இரண்டு 11இலேயே நின்றுவிட்டன. ஈஸ்ட்ரோஜன் 240. உட்சவ்வு 8 எம்.எம்.

இப்போது வெடிப்பதற்கான ஊசி, எச்.சி.ஜி. 5000 யூனிட். இது கர்ப்ப காலத்து ஹார்மோன், எல்.எச்.சின் பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவியாக வேலை செய்கிறது. ஊசி போட்டு ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும். அந்த இரண்டு நாளும் தம்பதி சேர்ந்திருக்க வேண்டும், அல்லது கருப்பைக்குள் விந்தணு செலுத்துவார்கள். ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் 3 நானோகிராமைத் தாண்டியிருந்தால் முட்டை வெளிவந்தது உறுதி. அவசரப்பட்டு வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊசியில் போட்ட எச்.சி.ஜி.யையே அந்த அட்டை கண்டுபிடித்து இரண்டு கோடு காட்டிவிடும். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

இதே பெண்ணுக்கு முதல் வாரத்தில் பொறுமையில்லாமல் 150 யூனிட்டுக்குப் போயிருந்தால்? ஐந்தாறு நாளில் 14 எம்.எம். அளவில் ஆறு ஃபாலிக்கிள், ஈஸ்ட்ரோஜன் ஆயிரத்தைத் தாண்டி. அங்கே சரியான முடிவு, எச்.சி.ஜி. போடாமல் அந்த மாதத்தைக் கைவிடுவது. உடல் தானே எல்.எச்.சை விட்டுவிடவும் கூடும் என்பதால் அந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் சேரவும் கூடாது. சில ஆயிரங்கள் செலவழித்த மாதத்தைக் கைவிடச் சொன்னால் எந்தக் குடும்பத்துக்கும் வலிக்கும். 'மூன்று தங்கினால் தங்கட்டும்' என்று சொல்கிற மாமியார்களும் இருக்கிறார்கள். மூன்று தங்கினால் பெரும்பாலும் குறைமாதம், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், தாய்க்கு ரத்த அழுத்தம். காரணம் தெரியாத குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற 900 தம்பதிகளை வைத்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தை பிறந்தது ஊசி போட்டவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் ஊசியால் உண்டான கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று ஒன்றுக்கு மேற்பட்ட கரு. குளோமிஃபீனில் அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இன்னொரு ஆபத்து எச்.சி.ஜி.யிடம் இருக்கிறது. உடலின் சொந்த எல்.எச். ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும், எச்.சி.ஜி. ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பத்து இருபது ஃபாலிக்கிள் உள்ள சினைப்பையை அது நாட்கணக்கில் உசுப்பிக்கொண்டே இருந்தால், அங்கிருந்து வரும் ஒரு பொருள் ரத்த நாளங்களைக் கசிய வைக்கும். நீர் ரத்தத்தை விட்டு வயிற்றுக்குள் இறங்கும். மிச்ச ரத்தம் கெட்டியாகும், சிறுநீர் குறையும், சில சமயம் ரத்தம் உறையும். இதற்கு சினைப்பை மிகைத்தூண்டல் என்று பெயர். கர்ப்பம் தங்கிவிட்டால் கருவின் எச்.சி.ஜி.யும் சேர்ந்துகொண்டு நிலைமை மோசமாகும்.

ஆகவே ஊசி போட்ட பிறகு வயிறு உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்: எத்தனை ஃபாலிக்கிள் வளர்ந்தால் இந்த மாதத்தை நிறுத்துவீர்கள்? அதற்குத் தெளிவாக ஒரு எண்ணைச் சொல்லாத இடத்திலும், ஸ்கேன் பார்க்காமல் ஊசிச் சீட்டை மட்டும் எழுதித் தரும் இடத்திலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.